ஒயில் குறையும் எஞ்சினுக்குத் தடித்த ஒயில் மருந்தாகுமா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புத்தளம் கரையோரத்தில் ஓடிய கார்களும் வான்களும் மாற்றாள் இல்லாமலே வயதாகின. பழையதை விற்றுவிட்டுச் சற்றுப் புதியதை வாங்கும் வழக்கம் நின்றுபோனதால், ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிய எஞ்சின்கள் இன்று இங்கே சாதாரணம். அவற்றில் பலவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஒரு சேர்விஸுக்கும் அடுத்த சேர்விஸுக்கும் இடையில் ஒயில் கொஞ்சம் காணாமற்போகும்.

முந்தல் முதல் கற்பிட்டி வரை எந்தக் கராஜில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "மூவாயிரம் கூட ஓடல்ல நானா, ஒயில் கம்பியில பாதிக்குக் கீழ போயிட்டு" என்பார் வாகனக்காரர். "பழைய எஞ்சின்தானே தம்பி, தடிச்ச ஒயில் ஊத்துங்க, நிக்கும்" என்பது பெரும்பாலும் கிடைக்கும் பதில். இப்போது கடைகளில் அதிக தூரம் ஓடிய எஞ்சின்களுக்கென்றே தயாரித்த ஒயிலும் கிடைப்பதால், அதை எடுப்பதா தடித்ததை எடுப்பதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. தடித்த ஒயில் என்ற பதில் சில எஞ்சின்களுக்குச் சரி, சிலவற்றுக்குப் பயனற்றது. எது எதற்கு என்பது ஒயில் எந்த வழியால் போகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. அதைப் பாராமல் கான் மாற்றுவது காசை ஊற்றுவதுதான்.

முதலில் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். "கம்பியில் பாதி" என்பது அளவு அல்ல. பெரும்பாலான கார்களில் ஒயில் கம்பியின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லீற்றர் இருக்கும். ஆனால் வாகனம் சற்றுச் சாய்ந்து நின்றாலே அந்தக் கணக்கு தப்பிவிடும். கற்பிட்டி மணல் முற்றங்களில் இது எளிதில் நடக்கும். ஆகவே ஒரே சீமெந்துத் தரை, காலையில் எஞ்சினை இயக்குமுன், ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கோடு வரை நிரப்பி ஓடோமீற்றரைக் குறித்துவிட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின், மீண்டும் அதே கோட்டைத் தொட எத்தனை மில்லிலீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பத்தக்க அளவு. மருந்துக் குப்பி போல அளவுக்கோடு போட்ட பழைய போத்தல் ஒன்று போதும்.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. ஊருக்குள் இரண்டு, மூன்று கிலோமீற்றர் மட்டுமே ஓடி நிறுத்தும் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரியாத பெற்றோல் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஒயிலோடு கலக்கும். குறைந்த ஒயிலின் இடத்தைப் பெற்றோல் நிரப்புவதால் கம்பியில் மட்டம் அப்படியே நிற்பதுபோல் தெரியும். பிறகு ஒருநாள் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் ஓடும்போது பெற்றோல் ஆவியாகிவிட, மட்டம் திடீரென்று சரியும். வீதியில் ஓடியதால் எஞ்சின் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். உண்மையில் குறைவு முன்பே நடந்திருக்கிறது, அன்றுதான் வெளியே தெரிந்தது.

அளவு கிடைத்த பின் அது பெரிதா சிறிதா என்ற கேள்வி வரும். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்திலிருந்து கிடைக்கிறது. 2006 முதல் 2011 வரையான டொயோட்டா கம்ரி, ரவ்4 முதலான சில வாகனங்களில் இருந்த 2,400 சிசி 2ஏஇசட்-எஃப்ஈ எஞ்சின் அளவுக்கு மீறி ஒயில் குடித்தது. டொயோட்டா நிறுவனம் அதற்கு ஒரு சோதனையை வகுத்தது. 1,200 மைலில் ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால் பழுது, அதற்குள் என்றால் ஏற்கலாம் என்றது. நம் கணக்கில் அது ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ அரை லீற்றர். நிறுவனம் தனக்குச் சாதகமாகத் தாராளமாக வைத்த எல்லை இது. என் பார்வையில் ஆயிரத்துக்கு 200 மில்லிலீற்றர் வரை குறையும் பழைய எஞ்சினை நோயாளி என்று சொல்லத் தேவையில்லை. அரை லீற்றருக்குக் கீழே இருப்பவைக்குத்தான் ஒயில் தெரிவு உண்மையில் பொருள்படும்.

தடித்த ஒயில் என்றால் என்ன? கானில் எழுதியிருக்கும் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற எண்கள் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த தரங்கள். இரண்டாவது எண் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒயிலின் பிசுக்குமையைக் குறிக்கும். 100 பாகை செல்சியஸில் அளந்தால் 20 தர ஒயில் 6.9 முதல் 9.3 வரை, 30 தரம் 9.3 முதல் 12.5 வரை, 40 தரம் 12.5 முதல் 16.3 வரை இருக்க வேண்டும் என்பது விதி. அலகு சென்டிஸ்டோக்ஸ். 50 தரம் அதற்கும் மேலே, 21.9 வரை செல்லும். ஒவ்வொரு தரமும் ஒரு புள்ளியல்ல, ஒரு வீச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கானிலும் 30 என்றே எழுதியிருக்கும். ஒன்று 9.6 ஆகவும் மற்றது 12.2 ஆகவும் இருக்கலாம். விற்பனையாளரின் தரவுத்தாளில் இந்த எண் இருக்கும், கானின் முகப்பில் இராது.

முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் எஞ்சின் சுழலும் இலகுவைக் குறிப்பவை. 5டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில், 20டபிள்யூவை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். புத்தளத்தில் தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே அந்த எண் எவ்வளவு சிறிது என்பதற்காக இங்கே யாரும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இன்னும் சொன்னால் அது பெரிதாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரே வகை அடிப்படை எண்ணெயில் செய்யப்பட்டால், 5டபிள்யூ-30 ஐ விட 10டபிள்யூ-30 பொதுவாகக் குறைவாக ஆவியாகும். குளிரில் இலகுவாக ஓட வேண்டும் என்பதற்காக மெல்லிய எண்ணெயை அதிகம் சேர்க்கும் நிலை அங்கே இல்லை. ஒயிலை 250 பாகையில் ஒரு மணிநேரம் வைத்து எத்தனை வீதம் ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனை ஒன்று உண்டு. இன்றைய பெற்றோல் எஞ்சின் தரங்களுக்கு அதன் உச்ச எல்லை 15 வீதம். நல்ல ஒயில்கள் 10 வீதத்துக்குக் கீழே நிற்கும். குறையும் ஒயிலில் ஒரு பங்கு கசிவும் இல்லை, எரிவும் இல்லை, வெறும் ஆவி. அது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே உள்ளிழுக்கப்பட்டுப் போகிறது.

இங்கே ஓடும் ரீகண்டிஷன் கார்களின் எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கும் ஜப்பானிய ஒயில் அறிவுறுத்தலையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 0டபிள்யூ-20 என்று அங்கே எழுதியிருப்பதற்கு ஹொக்கைடோவின் பனியும் ஜப்பானின் எரிபொருள் சிக்கன விதிகளும் பெரிய காரணங்கள். டொயோட்டா வெப்ப நாடுகளுக்கென்று அச்சிட்ட கையேடுகள் பலவற்றில் வெளி வெப்பநிலைக்கேற்ற பட்டியல் ஒன்று இருக்கும். அதில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 வரை இடம்பெறுவதுண்டு. ஆகவே ஒரு படி மேலே போவது நிறுவனம் தடைசெய்த காரியம் என்று பயப்பட வேண்டியதில்லை. உங்கள் எஞ்சின் இலக்கத்துக்குரிய அத்தகைய பட்டியலைத் தேடிப் பார்த்து, அதில் இருக்கும் எல்லைக்குள் நடமாடினால் போதும்.

இனி மையமான கேள்விக்கு வருவோம். தடித்தால் உண்மையில் எவ்வளவு குறையும்?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் புவாசேயின் சமன்பாடு நினைவிருக்கும். குழாயால் ஓடும் திரவத்தின் அளவு பிசுக்குமைக்கு நேர்மாறு விகிதத்திலும் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்பது அது. வால்வின் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் கைடுக்கும் இடையில் இருப்பது குழாயல்ல, மெல்லிய இடுக்கு. இடுக்குக்கு அந்த விதி மூன்றாம் அடுக்காக மாறும். கைடில் இடைவெளி 0.03 மில்லிமீற்றராக இருந்தது தேய்ந்து 0.06 ஆனால், அதாவது இரட்டித்தால், அதே அழுத்தத்தில் ஒயில் ஓட்டம் எட்டு மடங்காகும். ஒயிலை 20 தரத்திலிருந்து 30 தரத்துக்கு மாற்றும்போது பிசுக்குமை சுமார் 8.5 இலிருந்து 11 ஆகும். ஓட்டம் நாலில் ஒரு பங்கு குறையும். 40 தரத்துக்குப் போனால் நூற்றுக்கு 40 குறையலாம். எட்டு மடங்கைச் சமாளிக்க ஏறக்குறைய 70 சென்டிஸ்டோக்ஸ் தேவைப்படும். அப்படி ஒரு எஞ்சின் ஒயில் கடையில் இல்லை, இருந்தாலும் எஞ்சின் அதில் ஓடாது. தடித்த ஒயில் சிறு குறையைச் சிறிதாக்கும், பெரிய தேய்வைத் தொடக்கூட மாட்டாது என்பதன் கணக்கு இதுதான்.

இரவு நின்ற வாகனத்தில் நிலைமை சற்று வேறு. ஹெட்டின் மேலே தேங்கிய ஒயில் இறுகிப்போன வால்வ் சீல்கள் வழியே மெல்ல இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப் புகையாக வெளியேறும். அப்போது ஒயில் 100 பாகையில் இல்லை, ஊர்ச் சூட்டில் இருக்கிறது. தரவுத்தாளில் 40 பாகைக்கான எண்ணைப் பார்த்தால் 0டபிள்யூ-20 ஏறக்குறைய 45, 5டபிள்யூ-30 ஏறக்குறைய 65, 15டபிள்யூ-40 நூற்றைத் தாண்டும். வித்தியாசம் இங்கே பெரிது. ஆகவே காலைப் புகை மட்டும் உள்ள எஞ்சினில் ஒரு படி தடித்த ஒயில் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தரலாம். "தடிச்ச ஒயில் போட்டதும் புகை நின்டுட்டு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எஞ்சினில் ஒயில் போன வழி அது.

பிஸ்டன் ரிங் வழியாகப் போகும் ஒயிலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மூன்று ரிங்குகளில் அடியில் இருக்கும் ஒயில் ரிங்தான் சிலிண்டர் சுவரை வழித்து, வழித்ததைப் பிஸ்டனின் சிறு துளைகளால் கீழே அனுப்புகிறது. அந்தத் துளைகளும் ரிங்கின் பள்ளமும் கரிந்த ஒயில் படிவால் அடைபட்டால் ரிங் இறுகி நின்றுவிடும். வழிக்கப்படாத ஒயில் சுவரிலேயே தங்கி ஒவ்வொரு வெடிப்பிலும் எரியும். இங்கே தடித்த ஒயில் உதவாததற்குக் காரணங்கள் உண்டு. ரிங் நகரும்போது சுவரில் விட்டுச்செல்லும் படலம் பிசுக்குமை கூடக் கூடத் தடிக்கும், மெலியாது. அடைபட்ட துளையால் தடித்த ஒயில் இன்னும் மெதுவாகவே வடியும். மேல் ரிங் இருக்கும் இடத்தில் சூடு 200 பாகையை எட்டுவதால் 20 தரத்துக்கும் 40 தரத்துக்கும் இடையிலான வித்தியாசமும் அங்கே சுருங்கிவிடும்.

முன்பு சொன்ன 2ஏஇசட்-எஃப்ஈ எஞ்சினின் நோய் இதுவே. டொயோட்டா 2011 இல் தன் கராஜ்களுக்கு அனுப்பிய தொழில்நுட்ப அறிவித்தலும், பிறகு 2015 இல் நீட்டித்த உத்தரவாதமும் தீர்வாகச் சொன்னது தடித்த ஒயிலை அல்ல. சோதனையில் தோற்ற எஞ்சின்களுக்குத் திருத்தி வடிவமைத்த பிஸ்டன்களையும் ரிங்குகளையும் போட்டுக்கொடுத்தார்கள். ஒரு கான் ஒயிலால் தீர்ந்திருந்தால் எந்த நிறுவனமும் அவ்வளவு செலவுக்குத் துணிந்திருக்காது.

வால்வ் வழியையும் ரிங் வழியையும் எப்படிப் பிரித்தறிவது? முதலில் இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் பொட்டு இருந்தால், எந்த இடத்துக்கு நேரே என்று பார்த்து மேலே தேடலாம். வால்வ் கவர் கஸ்கட், டைமிங் கவர், பின்பக்கக் கிராங்க் சீல் என்று இடம் தெரியும். பொட்டு இல்லையென்றால் எரிகிறது. மதுரங்குளிக்கும் புத்தளத்துக்கும் இடையே வீதி நேராகக் கிடக்கும் ஓரிடத்தில், பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வரச்சொல்லி, கியரைக் குறைத்து வைத்துக்கொண்டு அக்சிலரேற்றரிலிருந்து காலை முழுதாக எடுத்து நன்றாக வேகம் இறங்கவிடுங்கள். பிறகு அழுத்துங்கள். இங்கே மலை இறக்கம் இல்லாததால் இப்படித்தான் செய்யவேண்டியிருக்கிறது. காலை எடுத்தபோது உள்ளே உருவாகும் வெற்றிடம் வால்வ் கைட் வழியே ஒயிலை உறிஞ்சும், அழுத்தும்போது அது நீலப் புகையாக வரும். காலையிலும் இந்தச் சோதனையிலும் மட்டும் புகை வந்தால் சந்தேகம் வால்வ் சீல் மேல். சுமையோடு ஓடும்போதெல்லாம் தொடர்ந்து மெல்லிய புகை இருந்தால் ரிங்.

பல கராஜ்களில் கொம்ப்ரெஷன் அளவுமானியை மாட்டிப் பார்த்து, "கொம்ப்ரெஷன் நல்லா இருக்கு, ரிங் பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். இதை அப்படியே நம்ப முடியாது. அந்த மானி அளப்பது அழுத்தத்தைப் பிடிக்கும் மேல் இரண்டு ரிங்குகளை. ஒயில் ரிங் முழுக்க இறுகிக் கிடந்தாலும் கொம்ப்ரெஷன் சரியாகவே காட்டலாம். பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது இன்னும் பயன்தரும். ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் நோய் அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. எந்த ஒயிலை வாங்குமுன்னும் பி.சி.வி. வால்வையும் பாருங்கள். எஞ்சினின் மூச்சை மீண்டும் உள்ளே அனுப்பும் சிறு வால்வு அது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஒயில் ஆவியை அது தாராளமாக உறிஞ்சிக் கொடுக்கும். சிறிய உதிரிப்பாகம், மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். இதைப் பாராமல் ரிங் வேலைக்கு எஞ்சினைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதிக தூரம் ஓடிய எஞ்சினுக்கான ஒயில் என்ன செய்கிறது? 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்வொலைன் நிறுவனம் மக்ஸ்லைஃப் என்ற பெயரில் இவ்வகையில் முதலாவதை விற்பனைக்கு விட்டது. 75,000 மைல், அதாவது 1,20,000 கிலோமீற்றர் தாண்டிய எஞ்சின்களுக்கு என்றார்கள். பின்னர் மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. அதில் இருப்பவை பெரும்பாலும் இவை. ஒரே தரத்தின் மேல் விளிம்பை ஒட்டிய பிசுக்குமை, சற்றுக் கூடுதலான சுத்திகரிக்கும் சேர்க்கை, ரப்பர் சீல்களை மெல்ல வீங்கச்செய்து இளக்கும் எஸ்டர் போன்ற பொருள். ஆண்டுக்கணக்கான சூட்டில் சீல் சுருங்கி இறுகிவிடுகிறது. இந்தப் பொருள் அதற்குள் ஊறி, இழந்த அளவில் கொஞ்சத்தை மீட்டுத் தருகிறது. ஆகவே கிராங்க் சீலில் ஈரமாக இருக்கும் கசிவுக்கும், இறுகிய வால்வ் சீலுக்கும் இது பொருத்தமான தெரிவு. ஊறுவதற்குக் காலம் எடுக்கும். முதல் ஆயிரம் கிலோமீற்றரில் தீர்ப்பு எழுதக் கூடாது, ஒரு முழுச் சேர்விஸ் இடைவெளியாவது கொடுக்க வேண்டும். கிழிந்த சீலையோ, பள்ளம் விழுந்த தண்டையோ, வெடித்துப்போன கோர்க் கஸ்கட்டையோ இது ஒட்டவைக்காது. இறுகிய ஒயில் ரிங்கில் கூடுதல் சுத்திகரிப்புச் சேர்க்கை மெல்ல உதவக்கூடும். ஆனால் அங்கே அதைவிட அதிகம் உதவுவது இடைவெளியைக் குறைத்து அடிக்கடி ஒயில் மாற்றுவது.

முச்சக்கரவண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாலு ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே ஒயிலில் நனைந்தபடி இயங்குகின்றன. கார்களுக்கான ஒயிலில், அது புதிதாக விலை கூடியதாக இருந்தாலும், உராய்வைக் குறைக்கும் சேர்க்கை இருக்கலாம். அது கிளட்ச் தட்டுகளில் படிந்தால் ஆட்களை ஏற்றியதும் எஞ்சின் இரையும், வண்டி நகராது. அவற்றுக்கு ஜாசோ எம்.ஏ. என்று குறித்த ஒயில் மட்டுமே. அவற்றில் பல ஏற்கெனவே 20டபிள்யூ-50 இல் ஓடுவதால் அதற்கு மேல் தடிப்பிக்க இடமும் இல்லை.

இந்தக் கரையோரத்துக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. மே முதல் செப்ரெம்பர் வரை கற்பிட்டித் தீபகற்பத்தில் தென்மேல் காற்று ஓயாமல் வீசும். மணல் வீதியில் முன்னால் போகும் லொறியின் பின்னால் ஐந்து நிமிடம் ஓடினாலே எயார் ஃபில்டர் பெட்டிக்குள் மண் சேரும். இந்த மணல் பெரும்பாலும் படிகக்கல் துகள், சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் ரிங்கையும் சுவரையும் அரைக்கும். காசை மிச்சப்படுத்த ஃபில்டரைக் காற்றடித்துத் தட்டித் தட்டிப் பாவிக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அழுத்தமான காற்று தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைத் திறந்துவிடும். ஃபில்டருக்குப் பின்னாலிருக்கும் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். நெறுநெறுவென்று மண் ஒட்டினால், என்ன ஒயிலை ஊற்றினாலும் அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாகக் குறையும்.

ஒரு உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். கற்பிட்டியில் வாடகைக்கு ஓடும் முதல் தலைமுறை டொயோட்டா அக்சியோ ஒன்று. 1,500 சிசி 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின், ஒயில் ஃபில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் கொள்ளும். 1,80,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. 0டபிள்யூ-20 ஊற்றி 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். அளந்து பார்த்ததில் இடையில் 800 மில்லிலீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆயிரத்துக்கு 160. மட்டையில் பொட்டு இல்லை. காலையில் மட்டும் ஒரு புகை. காலை எடுத்து அழுத்தும் சோதனையிலும் கொஞ்சம். பி.சி.வி. வால்வு நன்றாகக் கிலுகிலுக்கிறது, பிளக் நான்கும் ஒரே நிறம். சந்தேகம் வால்வ் சீல் மேல்தான்.

இந்த எஞ்சினுக்கு நான் தெரிவு செய்வது 10டபிள்யூ-30, முடிந்தால் அதிக தூர எஞ்சினுக்கான வகையில். 20 இலிருந்து 30 க்கு ஒரு படி. வால்வ் வழியே போவது நாலில் ஒரு பங்கு குறைந்தால் ஆயிரத்துக்கு 120 ஆகும். சீல் சற்று இளகினால் அதற்கும் கீழே வரலாம். நேரே 20டபிள்யூ-50 க்குத் தாவுவதை நான் ஆதரிக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்த ஒயில் மேலே கேம்ஷாஃப்டுக்குப் போய்ச்சேரச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். பம்பின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு திறந்து ஒயிலில் ஒரு பங்கு சம்புக்கே திரும்பும். இந்த எஞ்சினில் வால்வ் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ அமைப்பும் ஒயில் அழுத்தத்தால் இயங்குவது, மெல்லிய வழிகளில் தடித்த ஒயில் தாமதமாகப் போகும். எரிபொருளும் சில வீதம் கூடும், வாடகைக்கு ஓடும் வாகனத்தில் அந்தச் சில வீதம் மிச்சமாகும் ஒயிலின் விலையை விழுங்கிவிடும்.

மாற்றிய பின் முழு 5,000 கிலோமீற்றரும் அதே முறையில் அளக்க வேண்டும். ஆயிரத்துக்கு 120 அல்லது குறைவாக வந்தால் தொடரலாம். அதே 160 இல் நின்றால் ஒரு படி ஏறி 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 ஐ ஒரு சேர்விஸ் பார்க்கலாம், கையேட்டின் பட்டியல் அனுமதித்தால். அதிலும் அசையவில்லை என்றால் ஒயில் போவது வால்வ் வழியே மட்டுமல்ல என்று பொருள். அப்போது பழைய தரத்துக்கே திரும்பி, 5,000 ஐ 4,000 ஆக்கி, குறைவதை ஊற்றிக்கொண்டு ஓடுவதே மலிவு. 160 என்ற அளவில் ஒரு ஆண்டுக்கு ஊற்றும் ஒயிலின் விலை, ஹெட்டைத் திறந்து வால்வ் சீல் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அந்த எண் 300 ஐ நெருங்கினால் பார்வை மாற வேண்டும். எரியும் ஒயிலோடு போகும் பொஸ்பரஸ், புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரை மெல்லக் கெடுக்கும். பிளக்குகளும் அடிக்கடி கரியும். அப்போது சீல் வேலையைத் திட்டமிடலாம். 500 ஐத் தாண்டியபின் எந்தத் தரத்தைத் தேடுவதும் வீண். எஞ்சினைத் திறந்து ரிங் போடுவதா, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினை ஏற்றுவதா என்ற கணக்கு அங்கே தொடங்குகிறது. பாவித்த எஞ்சினை வாங்குவதென்றால், அதன் ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். கேம்ஷாஃப்டும் அதைச் சுற்றிய உலோகமும் தேன் நிறத்தில் மெல்லியதாக மினுங்கினால் பரவாயில்லை. கறுத்த தடித்த படிவு இருந்தால், அதன் ஒயில் ரிங்குகளும் அதே படிவில்தான் இருக்கும்.